16 கேப்ஷன், ஒரே திருத்தச் சுற்று, மாதம் 9,000 ரூபாய்

இன்ஸ்டாகிராமில் ஒரு சேலைப் படம் வருகிறது. கீழே நான்கைந்து வரி. அந்த நான்கைந்து வரியை எழுதித் தருவதுதான் சிலருக்கு இப்போது முழுநேரத் தொழில். கேப்ஷன் எழுத்தாளர் என்கிறார்கள். அலுவலகமோ மாதச் சம்பளமோ கிடையாது. நகைக்கடை, பல் மருத்துவமனை, ஊறுகாய் கம்பெனி என்று ஆளுக்கு நாலைந்து கிளையன்ட்டுகளை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே எழுதிக் கொடுப்பார்கள்.

இந்தத் தொழிலில் பணம் போவது விலை பேசும் இடத்தில் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது போவது, விலை பேசி முடித்த பிறகு, "இன்னொரு தடவை பார்த்துக் கொடுங்களேன்" என்ற வரியில். அந்த வரியை எத்தனை முறை சொல்லலாம், யார் சொல்லலாம், எதற்குச் சொல்லலாம் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வைக்கும் காகிதத்துக்குத்தான் புரபோசல் என்று பெயர். பலர் அதை விலைப்பட்டியல் மாதிரி ஒரு பக்கத்தில் அனுப்பிவிடுகிறார்கள். நல்ல புரபோசலில் விலை கடைசிப் பக்கத்தில்தான் வரும். முன்னால் உள்ள பக்கங்கள் அந்த விலைக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒன்றை எடுத்து முழுக்கப் பார்ப்போம். மதுரையில் ஒரு சுங்குடிச் சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். அப்பா காலத்துக் கடை. மகன் இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கி, படமும் அவரே எடுத்து, விலையை மட்டும் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது எழுத ஒரு ஆள் வேண்டும். எழுதுபவர் அதே ஊர்ப் பெண். மூன்று நான்கு வருட அனுபவம். முதல் அழைப்பில் கடைக்காரர் கேட்பது ஒரே கேள்வியாகத்தான் இருக்கும்: "ஒரு கேப்ஷனுக்கு எவ்வளவும்மா?"

அதற்கு அந்த இடத்திலேயே பதில் சொல்லாமல் இருப்பதுதான் முதல் வேலை. "மாசத்துக்கு எத்தனை படம் போடுவீங்கண்ணே? படம் யார் எடுக்கிறாங்க? எழுதினதைப் பார்த்து சரின்னு சொல்றது நீங்களா, அப்பாவா?" என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே அந்த மாதம் எப்படிப் போகும் என்று பாதி சொல்லிவிடலாம். "எல்லாரும் பார்ப்போம்மா" என்று பதில் வந்தால், திருத்தம் பற்றிய பத்தியை இன்னும் கவனமாக எழுத வேண்டும் என்று அர்த்தம்.

நம் கடைக்கு வேலையின் அளவு இப்படி முடிவாகிறது: மாதம் 16 பதிவு. அதில் 12 படத்துக்கான கேப்ஷன், 4 ரீல்ஸுக்கான கேப்ஷன். ரீல்ஸுக்குக் கேப்ஷனோடு, முகப்பில் வரும் ஒரு வரித் தலைப்பும் சேர்த்து. ஒவ்வொன்றும் 40 முதல் 70 சொல், தமிழில் மட்டும், பொருத்தமான ஹேஷ்டேக்குகள் உட்பட.

சொல் கணக்கு ஏன், எழுத்துக் கணக்கு போடக் கூடாதா என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களில் எழுத்துக் கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. தமிழில் அது குழப்பும். 'சுங்குடி' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டு; மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. இன்ஸ்டாகிராம் ஒரு கேப்ஷனுக்கு 2,200 குறிகள் வரை இடம் தருகிறது என்பதைப் படித்துவிட்டு, "அவ்வளவு பெரிசாவே எழுதிக் கொடுங்க" என்று சொல்லும் கிளையன்ட்டும் உண்டு. ஆனால் போனைத் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு முதலில் தெரிவது முதல் இரண்டு வரி அளவுதான். மீதியைப் பார்க்க அவர் தொட வேண்டும். அதனால் புரபோசலிலேயே, 'முதல் இரண்டு வரியில் சேலையின் நிறமும் சந்தர்ப்பமும் வந்துவிடும். விலையும் அளவும் கடைசியில் வரும்' என்று ஒரு வரி எழுதி வைப்பது நல்லது. "விலை ஏன் மேல இல்ல?" என்ற சண்டை பின்னால் வராது.

எதெல்லாம் இந்த வேலையில் சேராது என்பதையும் அதே பத்தியில் சொல்ல வேண்டும். பதிவேற்றம் செய்வது, கமென்ட்டுக்குப் பதில் போடுவது, படத்தின் மேல் எழுத்து வடிவமைப்பது, ரீல்ஸில் பேசுவதற்கான வசனம் எழுதுவது, ஆங்கிலத்தில் இன்னொரு பிரதி தருவது. இவை எதுவும் பெரிய வேலையாகத் தெரியாது. ஒவ்வொன்றாகத்தான் உள்ளே வரும். முதல் வாரம் "இதை நீங்களே போட்டுடுங்களேன்" என்று பாஸ்வேர்டு வரும். மூன்றாவது வாரம் இரவு பத்து மணிக்கு, ஒரு வாடிக்கையாளர் 'சாயம் போகுமா' என்று கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். பதில் தப்பாகிவிட்டால் கடைப் பெயரும் கெடும், உங்கள் பெயரும் கெடும்.

இனி கடைக்காரர் செய்ய வேண்டியவை. புரபோசல் என்றாலே எழுதுபவர் தரும் வாக்குறுதி என்றுதான் நினைக்கிறோம். அதில் பாதி வாக்குறுதி கடையிலிருந்து வர வேண்டும். முந்தைய மாதம் 20-ஆம் தேதிக்குள் படங்கள் வந்துவிட வேண்டும். 26-ஆம் தேதிக்குள் 16 கேப்ஷனும் ஒரு கூகுள் ஷீட்டில் எழுதிப் போடப்படும். 29-க்குள் கடையின் கருத்து. மாதக் கடைசியில் இறுதிப் பிரதி. படம் 20-க்குப் பதில் 27-ஆம் தேதி வந்தால், மற்ற எல்லாத் தேதியும் அதே ஏழு நாள் தள்ளிப்போகும். இதைக் கோபமாக எழுத வேண்டியதில்லை. 'படம் தாமதமாகும் நாட்கள் அளவுக்கு மற்றத் தேதிகளும் நகரும்' என்றால் போதும்.

படத்தோடு இன்னொன்றும் வர வேண்டும். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு வரித் தகவல்: துணி என்ன, நீளம், ரவிக்கைத் துணி உண்டா, விலை, புள்ளி எப்படிப் போட்டது. கடைசியில் சொன்னது சுங்குடிக்கு மிக முக்கியம். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குக் காரணமான பழைய முறை, துணியைக் கிள்ளி எடுத்து நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்ப்பது. முடிச்சு இருந்த இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். மதுரையின் சௌராஷ்டிர சமூகத்தோடு சேர்ந்து வந்த கைவேலை அது. ஆனால் இன்று கடைகளில் சுங்குடி என்ற பெயரில் கிடைப்பவற்றில் சின்னாளப்பட்டிப் பக்கமிருந்து வரும் மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும் நிறைய. அவையும் நல்ல பருத்திச் சேலைகள்தான். விலையும் கைக்கு அடங்கும். படத்தில் பார்த்தால் மட்டும் வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்தால் ஓரளவு தெரியும்: முடிச்சுப் போட்டதில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, துணியைத் திருப்பினாலும் புள்ளி அதே தெளிவோடு நிற்கும்.

எழுதுபவர் வீட்டில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து, 'ஒவ்வொரு புள்ளியும் கையால் முடிந்தது' என்று அழகாக ஒரு வரி எழுதிவிட்டால் என்ன ஆகும்? சேலை அச்சு என்றால் அது பொய் விளம்பரம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைக் கவனிக்கத் தனி ஆணையமே வைத்திருக்கிறது. 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. இன்ஸ்டாகிராம் பதிவுதானே என்று சட்டம் விட்டுவிடாது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், விவரம் தெரிந்த ஒரு பாட்டி கமென்ட்டில் வந்து உண்மையைச் சொல்லிவிட்டுப் போவார். கடைக்கு அதுவே போதும். எனவே புரபோசலில் இப்படி ஒரு பத்தி:

"சேலையின் துணி, செய்முறை, விலை பற்றிய தகவல்கள் கடை தரும் பட்டியலின்படியே எழுதப்படும். பட்டியலில் இல்லாத எந்தச் சிறப்பையும் நான் சேர்க்க மாட்டேன். 'கைமுடிச்சு', 'இயற்கைச் சாயம்', 'சாயம் போகாது' ஆகிய சொற்கள் வேண்டுமென்றால் பட்டியலில் அது தெளிவாக இருக்க வேண்டும்."

இதைப் படித்ததும் சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நல்ல கடைக்காரர் நிம்மதி அடைவார். யாரோடு வேலை செய்யலாம் என்று தெரிந்துகொள்ள இந்தப் பத்தியைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

இப்போது திருத்தம். 'இரண்டு திருத்தம் இலவசம்' என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். எது ஒரு திருத்தம் என்று சொல்லாமல் எண்ணிக்கை மட்டும் போட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. ஒரு கேப்ஷனைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். மாம்பழ மஞ்சள் சேலைக்கு எழுதுபவர் அனுப்பியது இது:

"சித்திரை வெயிலில் கல்யாண வீடு. பட்டு கட்டினால் பந்தியில் உட்காருவதற்குள் நனைந்துவிடும். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. உடல் முழுக்கப் புள்ளி. துவைத்து நிழலில் காயப்போட்டால் போதும். பருத்திச் சுங்குடி, 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி தனி. விலை 1,150 ரூபாய். கடையிலும் உண்டு, வாட்ஸ்அப்பிலும் கேட்கலாம்."

கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் வரிசையாகப் பதில் வருகிறது. மகன்: "விலை 1,250ம்மா, பழைய விலையை அனுப்பிட்டேன்." அரை மணி கழித்து அவரே: "நனைந்துவிடும்னு வேண்டாம், ஒரு மாதிரி இருக்கு." மறுநாள் காலை: "அப்பா பாரம்பரியமா இருக்கணும்னு சொல்றார்." மதியம்: "என் மிசஸ் தங்கிலீஷ்ல இருந்தா இளசுங்க படிப்பாங்கன்னு சொல்றாங்க." மாலை: "அந்த மஞ்சள் வித்துப்போச்சும்மா, அதே மாதிரி பச்சைக்கு எழுதிக் கொடுத்துடுங்க."

ஐந்து செய்தி. இதில் எத்தனை திருத்தம்? கடைக்காரரிடம் கேட்டால் ஒன்று என்பார். எல்லாம் ஒரே சேலையைப் பற்றித்தானே. எழுதுபவருக்கு ஐந்தாகத் தோன்றும். இரண்டுமே சரியில்லை.

விலை மாற்றம் திருத்தமே அல்ல. ஒரு எண்ணை மாற்ற ஒரு நிமிடம். அதை எண்ணுகிற எழுத்தாளர் கஞ்சர் என்று பெயர் வாங்குவார். எழுத்துப் பிழை, தகவல் பிழை எல்லாம் இந்த வகை. எத்தனை முறை வந்தாலும் கணக்கில் வராது. 'நனைந்துவிடும்' என்ற வரியை மாற்றச் சொன்னது உண்மையான திருத்தம். விஷயம் அதேதான், சொல்லும் விதம் மாற வேண்டும். இதற்கு யோசிக்க வேண்டும். ஒரு வரி மாறினால் அடுத்த வரியின் ஓட்டமும் மாறும். அப்பா கேட்ட பாரம்பரியமும் மருமகள் கேட்ட தங்கிலீஷும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை. இரண்டையும் சேர்த்து எழுதவும் முடியாது, ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் காட்டுவதும் நியாயமில்லை. கடைக்குள் முடிவு செய்து சொல்ல வேண்டிய விஷயம் அது. பச்சைச் சேலை? அது புதுக் கேப்ஷன். மஞ்சளுக்கு எழுதியதில் நிறத்தை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. மாம்பழம் போய்விடும், சித்திரை வெயிலோடு அந்த நிறத்துக்கு இருந்த உறவும் போய்விடும்.

இதையெல்லாம் புரபோசலில் எப்படி எழுதுவது? நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இந்த அளவு போதும்:

"ஒவ்வொரு மாதத் தொகுப்புக்கும் ஒரு திருத்தச் சுற்று கட்டணத்தில் அடங்கும். சுற்று என்றால், 16 கேப்ஷனுக்கும் கடையின் கருத்துகள் அனைத்தும் கூகுள் ஷீட்டில் ஒரே தடவையாக, மூன்று வேலை நாட்களுக்குள், கடையின் சார்பில் தாங்கள் ஒருவரே பதிவது. விலை, அளவு, எழுத்துப் பிழை ஆகியவை சுற்றில் சேராது. எப்போது சொன்னாலும் மாற்றித் தரப்படும். சுற்று முடிந்த பிறகு சொல்நடை மாற்றம் வேண்டுமென்றால் கேப்ஷன் ஒன்றுக்கு 150 ரூபாய். சேலையே மாறினால் அது புதுக் கேப்ஷன்; ஒன்றுக்கு 600 ரூபாய். மாதத்தில் முதல் ஒன்றுக்குக் கட்டணம் இல்லை."

கடைசி வாக்கியம் சும்மா தாராளத்துக்காகச் சேர்த்ததில்லை. ஒரே ஒரு சேலை மட்டும் இருப்பில் உள்ள கடைகளில், படம் எடுத்த சேலை பதிவு வருவதற்குள் விற்றுப்போவது சாதாரணம். ஒன்றை விட்டுக்கொடுத்தால் உறவு கெடாது. அதே சமயம், மூன்றாவது முறை விற்றுப்போகும்போது, ஒற்றைச் சேலைக்கு எழுதுவதை விட்டு ஒரு வரிசைக்கே எழுதினால் என்ன என்ற யோசனை கடைக்காரருக்கே வரும்.

'ஒருவரே' என்ற சொல்லைத்தான் புது எழுத்தாளர்கள் எழுதத் தயங்குகிறார்கள். பெரியவர் இருக்கும் கடையில், யார் பேச்சு செல்லும் என்று வெளியாள் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் யாரையும் ஒதுக்கவில்லை. அப்பா தாராளமாகப் படிக்கலாம், கருத்துச் சொல்லலாம். அதை மகன் ஷீட்டில் எழுதுவார், அவ்வளவுதான். அப்பாவும் மருமகளும் இரண்டு திசையில் இழுக்கும்போது, அந்தப் பஞ்சாயத்து எழுதுபவரின் போனில் நடக்காமல் கடைக்குள் நடக்கும்.

மூன்று நாளில் பதில் வராவிட்டால்? 'பதில் இல்லையென்றால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இது பிடிக்காது. கடைக்காரர் ஊரில் இல்லாத வாரத்தில் பழைய விலையோடு ஒரு பதிவு போய்விட்டால் நஷ்டம் கடைக்கு, பழி எழுதியவருக்கு. 'மூன்று நாளுக்குப் பிறகு திருத்தச் சுற்று முடிந்ததாகக் கொள்ளப்படும். விலை உள்ள பதிவுகளுக்கு மட்டும் கடையின் "சரி" வந்த பிறகே இறுதிப் பிரதி' என்பது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு.

விலைக்கு வருவோம். 'ஒரு கேப்ஷனுக்கு எவ்வளவு' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அதற்கு முன் 'என் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு' என்று எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் எழுத்தாளருக்கு மாதம் 40,000 ரூபாய் கையில் நிற்க வேண்டும். இன்டர்நெட், மின்சாரம், லேப்டாப் தேய்மானம், மருத்துவக் காப்பீடு என்று 6,000. ஆக 46,000. மாதத்தில் அவர் உட்காரும் நேரம் ஏறக்குறைய 200 மணி என்றாலும், அதில் பாதி புது ஆள் தேடுவதிலும் புரபோசல் எழுதுவதிலும் பணம் வசூலிப்பதிலும் போய்விடும். பில் போடக்கூடிய நேரம் 100 மணி. வகுத்தால் மணிக்கு 460. கிளையன்ட் விட்டுப்போகும் மாதங்களையும் நினைத்து 500 என்று வைத்துக்கொள்கிறார்.

இந்தக் கடைக்கு எத்தனை மணி? படக் கேப்ஷனுக்கு அரை மணி வீதம் 12-க்கு 6 மணி. ரீல்ஸுக்கு முக்கால் மணி வீதம் 3 மணி. மாதத் திட்டமும் தகவல் பட்டியல் சரிபார்ப்பும் 3 மணி. ஒரு திருத்தச் சுற்று, ஒன்றுக்குக் கால் மணி வீதம் 4 மணி. போன், வாட்ஸ்அப், பில் எல்லாம் சேர்த்து 2 மணி. மொத்தம் 18 மணி, 9,000 ரூபாய். எழுதுகிற நேரம் இதில் சரிபாதிதான் என்பதைக் கவனியுங்கள். ஒரு கேப்ஷனுக்கு அரை மணி என்று மட்டும் கணக்குப் போட்டு விலை சொல்பவர்கள் மாதக் கடைசியில் ஏன் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று குழம்புவது இதனால்தான்.

திருத்த வரம்பு விலையோடு எப்படிப் பின்னிக்கிடக்கிறது என்பதும் இங்கேதான் தெரியும். அதே 9,000-க்கு இரண்டு சுற்று கொடுத்தால் 22 மணி. மணிக்கு 409 ரூபாய். வரம்பே இல்லாமல் விட்டு நான்கு சுற்று ஓடினால் 30 மணி, மணிக்கு 300. விலையில் ஒரு ரூபாய்கூட குறைக்காமலே ஐந்தில் இரண்டு பங்கு தள்ளுபடி கொடுத்தாயிற்று. கடைக்காரருக்கும் அது தெரியாது, நன்றியும் வராது.

பேரம் கட்டாயம் நடக்கும். மதுரையில் பேரம் பேசாமல் வாங்கினால் கொடுத்தவருக்கே சந்தேகம் வந்துவிடும். "ஒம்பதாயிரமா? ஏழு போட்டுக்கலாம்மா" என்பார். அந்த இடத்தில் விலையை மட்டும் இறக்கிவிட்டால், முதலில் சொன்னது சும்மா சொன்ன விலை என்று ஆகிவிடும். "ஏழுக்குள்ள வேணும்னா பத்துப் பதிவா வச்சுக்கலாம்ணே" என்று வேலையைக் குறைப்பதுதான் முறை. அப்போது ஒரு கூர்மையான கேள்வி வரும்: "பதினாறுக்கு ஒம்பதாயிரம்னா பத்துக்கு ஐயாயிரத்து அறுநூறு சொச்சம்தானே வரணும்? ஆறாயிரத்து ஐநூறு போட்டிருக்கீங்களே!"

நியாயமான கேள்வி. பதிலும் தயாராக இருக்க வேண்டும். 8 படம், 2 ரீல்ஸ் என்றால் எழுதும் நேரம் ஐந்தரை மணியாகவும் திருத்த நேரம் இரண்டரை மணியாகவும் குறையும். ஆனால் திட்டமும் சரிபார்ப்பும் பேச்சுவார்த்தையும் சேர்ந்த 5 மணி அப்படியே நிற்கும். பத்துப் பதிவானாலும் மாதம் ஒன்றுதானே. ஆக 13 மணி, 6,500 ரூபாய். இந்தக் கணக்கை அப்படியே எடுத்துச் சொன்னால் வியாபாரிக்குச் சட்டென்று புரியும். கடை வாடகை விற்பனையோடு சேர்ந்து குறையாது என்று அவருக்குத் தெரியாதா என்ன.

"நூறு ரூபாய்க்கு எழுதித் தர ஆள் இருக்கு" என்றும் சொல்வார். இருக்கலாம். 16 கேப்ஷன் 1,600 ரூபாய். 18 மணி நேர வேலையை அந்தப் பணத்துக்குச் செய்தால் மணிக்கு 89 ரூபாய்கூட முழுசாக வராது. அந்த ஆள் 18 மணி செலவழிக்கப்போவதில்லை, அவ்வளவுதான். தகவல் பட்டியலை யாரும் சரிபார்க்க மாட்டார்கள். பச்சைச் சேலைக்கும் மாம்பழ மஞ்சள் கேப்ஷன் வரும். இதை எதிராளியைக் குறைசொல்லும் தொனியில் சொல்லக் கூடாது. சிரித்துக்கொண்டு, "ஒரு மாசம் அவங்ககிட்ட எழுதிப் பாருங்கண்ணே" என்று விட்டுவிடலாம்.

சித்திரைத் திருவிழா, ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரங்களில் மட்டும் தனி வரி வேண்டும். 24 மணி நேரத்துக்குள் வேண்டும் என்று கேட்கும் கேப்ஷனுக்கு 900 ரூபாய் என்று போட்டால், கேட்பதற்கு முன் கடைக்காரரே ஒருமுறை யோசிப்பார். பாதி அவசரங்கள் மறுநாள் வரை தாங்கும்.

பணம் வரும் வழி: மாதத் தொகை, எழுதத் தொடங்கும் முன், 20-ஆம் தேதி படங்களோடு சேர்ந்து வர வேண்டும். முழுத் தொகையையும் முன்கூட்டித் தர முதல் மாதம் யாரும் ஒப்ப மாட்டார்கள். பாதி முன்பணம், இறுதிப் பிரதிக்கு முன் மீதி என்று தொடங்கி, நான்காவது மாதத்திலிருந்து முழு முன்பணம் என்று மாற்றிக்கொள்ளலாம். ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வரி தேவை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்யாதவர் பில்லில் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. ஆகவே 'ஜிஎஸ்டி இல்லை' என்று போட்டுவிட வேண்டும். கடையின் ஆண்டு விற்பனை ஒரு கோடியைத் தாண்டியிருந்தால், அவர்களுடைய ஆடிட்டர் இதைத் தொழில்முறைக் கட்டணமாக எடுத்துக்கொண்டு 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கச் சொல்லலாம். மாதம் 9,000 என்றால் வருடத்துக்கு 1,08,000, வரம்பைத் தாண்டிவிடும். 9,000-க்குப் பதில் 8,100 வந்தால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பதற வேண்டாம். அந்த 900 உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்க வேண்டும்; வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது திரும்பக் கேட்கலாம். வரவாகியிருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிடித்துவிட்டுக் கட்ட மறந்துபோகிறவர்களும் உண்டு.

எழுதியது யாருக்குச் சொந்தம் என்ற விஷயத்தைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாமல் சுயேச்சையாக எழுதுபவர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் பொதுவாக அவரேதான். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த இடத்துக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். சேலைக் கேப்ஷனுக்கு இவ்வளவு தேவையா என்று தோன்றலாம். கடை நாளைக்குச் சிங்கப்பூரில் கண்காட்சி போட்டு, அதே வரியைப் பேனரில் அச்சடித்தால் அப்போது தெரியும். 'முழுத் தொகை கிடைத்த பின் கேப்ஷன்களின் உரிமை கடைக்கு, எல்லா ஊடகத்துக்கும், எல்லா நாட்டுக்கும், காலவரம்பின்றி' என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. 'முழுத் தொகை கிடைத்த பின்' என்ற நான்கு சொல் எழுதுபவருக்காக.

விலகும் வழியும் இருக்க வேண்டும். முதலில் மூன்று மாதம். பிறகு யார் வேண்டுமானாலும் 30 நாள் முன்னறிவிப்பில் நிறுத்திக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்குக் காரணம் உண்டு. முதல் மாதத்தில் கடைக்காரர் எப்படிப் பேசுகிறார் என்று எழுதுபவருக்குப் பிடிபடாது. திருத்தம் அதிகம் வரும். இரண்டாவது மாதத்தில் அது பாதியாகும். அந்த நேரத்தைச் சம்பாதிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டால் முதல் மாத உழைப்பு வீண். அதேபோல, பயன்படுத்தாத கேப்ஷன்கள் அடுத்த மாதம் வரை மட்டும்தான் சேரும் என்றும் போட வேண்டும். இல்லாவிட்டால் நான்கு மாதம் படமே அனுப்பாமல் இருந்துவிட்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம் 64 கேப்ஷனை ஒன்றாகக் கேட்பார்கள்.

மூன்றாவது மாத முடிவில், எழுதுபவர் தன் நேரக் கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். 18 மணி என்று போட்டது 23-ஆக ஓடியிருந்தால், அடுத்த மூன்று மாதத்துக்கு விலை ஏற வேண்டும், அல்லது பதிவு குறைய வேண்டும். ஏன் ஓடியது என்பதும் கணக்கிலேயே தெரியும்: எழுதும் நேரம் கூடியிருந்தால் அது அவர் பிரச்சினை, திருத்தமும் வாட்ஸ்அப்பும் கூடியிருந்தால் அதைக் கடைக்காரரிடம் காட்டிப் பேசலாம். கூகுள் ஷீட்டில் எந்தக் கருத்து எந்தத் தேதியில் வந்தது என்பதெல்லாம் அப்படியே இருக்கும். அதற்காகத்தான் கருத்துகளை வாட்ஸ்அப் குரல் செய்தியில் வாங்க வேண்டாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறேன்.